'மேலே' என்றால் வடக்கா? வகுப்பறையை வரைந்து அளவையும் திசையும் கற்பிக்க நான்கு பாடவேளைகள்

சுவரில் தொங்கும் இந்திய வரைபடத்தைக் காட்டி முடித்த பிறகு, ஆறாம் வகுப்பில் ஒருமுறை கேட்டேன்: "இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த அறையில் வடக்கு எங்கே?" பாதிப் பேர் கரும்பலகையைக் காட்டினார்கள். சிலர் கூரையைக் காட்டினார்கள். கூரையைக் காட்டியவர்களை நான் தவறு சொல்ல முடியவில்லை. "வரைபடத்தில் மேலே வடக்கு" என்று பத்து நிமிடத்துக்கு முன் சொன்னது நான்தான். அடுத்து, "மதுரையில் மேலமாசி வீதி கோயிலுக்கு எந்தத் திசையில்?" என்று கேட்டபோது ஒரு மாணவி உடனே, "வடக்கு, டீச்சர். பெயரிலேயே மேல் இருக்கிறதே" என்றாள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கே உரிய சிக்கல் இது. நம் மொழியில் மேல் என்பது மேற்கு, கீழ் என்பது கிழக்கு. மேலத்தெரு, கீழத்தெரு, மேலக்காற்று எல்லாம் அப்படி வந்தவைதான். மேற்கே மலையும் கிழக்கே கடலுமாகச் சரிந்து கிடக்கும் நிலத்தில் பிறந்த சொற்கள் அவை. காகிதத்தில் 'மேல்' என்றால் வடக்கு, தெருப் பெயரில் 'மேல்' என்றால் மேற்கு, பேச்சில் 'மேல்' என்றால் கூரை. இந்த மூன்றையும் பிரித்துக் காட்டாமல் இந்திய வரைபடத்துக்குப் போனால், பிள்ளைகள் விடையை மனப்பாடம் செய்வார்கள். வரைபடம் படிக்க மாட்டார்கள்.

ஆகவே தங்கள் வகுப்பறையைத் தாங்களே அளந்து வரைந்து, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அதே அறைக்குள் ஓர் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் பாடம். ஆறாம் அல்லது ஏழாம் வகுப்புக்கு, 40 நிமிடப் பாடவேளைகள் நான்கு போதும். தசம எண்ணை இரண்டால் பெருக்கத் தெரிந்திருந்தால் கணக்கும் போதும்.

கீழே வரும் அளவுகள் ஒரே ஓர் அறைக்கு உரியவை. அறை 7.30 மீட்டர் நீளம், 5.85 மீட்டர் அகலம். நீளப் பக்கம் வடக்கு தெற்காக ஓடுகிறது. கரும்பலகை தெற்குச் சுவரில் இருக்கிறது. பிள்ளைகள் தெற்கு பார்த்து உட்காருகிறார்கள். கதவு கிழக்குச் சுவரில், தாழ்வாரத்தைப் பார்த்து இருக்கிறது. கரும்பலகை வடக்கே இல்லாத அறை கிடைத்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் அறையில் கரும்பலகை வடக்குச் சுவரில் இருந்தால், வேறொரு வகுப்பை இரண்டு நாளைக்குக் கேட்டு வாங்குங்கள். ஏன் என்பது நான்காம் பாடவேளையில் தெரியும்.

முதல் பாடவேளை: பார்க்காமல் வரைதல்

பிள்ளைகள் எல்லாரையும் தாழ்வாரத்தில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள், பென்சில். ஸ்கேல் வேண்டாம். "ஓட்டைப் பிரித்துவிட்டு ஒரு காகம் மேலிருந்து பார்த்தால் நம் அறை எப்படித் தெரியுமோ அப்படி வரையுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். பத்து நிமிடம் கொடுங்கள். இடையில் திருத்தாதீர்கள்.

வரும் படங்களில் பெஞ்சுகளுக்கு நான்கு கால்கள் இருக்கும். கரும்பலகை பெரிய செவ்வகமாக, அதன் மேல் எழுத்துகளோடு இருக்கும். மின்விசிறி இருக்கும். வரைந்தவர் உட்காரும் பெஞ்சு மற்ற பெஞ்சுகளைவிடப் பெரிதாக இருக்கும். இவை எல்லாமே பக்கவாட்டில் பார்த்ததை வரைந்ததால் வருபவை.

இதைத் திருத்த விளக்கம் தேவையில்லை. ஒரு டிபன் பாக்ஸ் போதும். உருளை வடிவ டிபன் பாக்ஸைத் தரையில் வைத்து, முதலில் எதிரே உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்: செவ்வகம். பிறகு எழுந்து நேர் மேலிருந்து குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்: வட்டம். அப்படியென்றால் கரும்பலகை மேலிருந்து எப்படித் தெரியும்? ஒரு மெல்லிய கோடாக. பெஞ்சின் கால்கள்? தெரியவே தெரியா. மின்விசிறி காகத்துக்குத் தெரியும்தானே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். நல்ல கேள்வி. தரையைத் தொடுவதையும் சுவரில் பதிந்ததையும் மட்டும் வரைவது என்று வகுப்பாக ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். எதை விடுவது என்று முடிவு செய்வது வரைபடம் போடுபவர்களின் வேலைதான்.

இந்தத் தாள்களைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அநேகமாக எல்லாத் தாளிலும் கரும்பலகை மேல்புறத்தில் இருக்கும். அதைப் பற்றி இன்று ஒன்றும் சொல்லாதீர்கள்.

இரண்டாம் பாடவேளை: வடக்கைக் கண்டுபிடித்தல்

கைபேசியில் இருக்கும் திசைகாட்டியை எடுத்து ஒரே நிமிடத்தில் முடித்துவிடலாம். ஆனால் இரும்பு பீரோவுக்கும் இரும்புக் கால் பெஞ்சுக்கும் அருகே அந்த முள் விலகும். ஒரே அறையில் மூன்று இடத்தில் மூன்று வடக்கு காட்டியதைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் சரிபார்ப்பதற்கு மட்டும், திறந்த வெளியில் அதைப் பயன்படுத்துங்கள்.

சூரியனும் நினைப்பது போல அவ்வளவு நேரான ஆள் இல்லை. அது சரியாகக் கிழக்கே உதிப்பது மார்ச் 21, செப்டம்பர் 23 ஒட்டிய நாட்களில்தான். ஜூன் கடைசியில் மதுரையில் அது கிழக்கிலிருந்து 24 பாகை அளவுக்கு வடக்கே தள்ளி உதிக்கிறது. டிசம்பரில் அதே அளவு தெற்கே தள்ளி. "நண்பகல் நிழல் வடக்கே விழும்" என்றும் பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். மதுரையில் ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்டு கடைசி வரை அது உண்மையில்லை. அந்த மாதங்களில் உச்சிப் பொழுதில் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. நிழல் தெற்கே விழுகிறது. ஜூன் 21 அன்று ஒரு மீட்டர் குச்சியின் உச்சி நிழல் தெற்கு நோக்கி ஏறத்தாழ 24 செ.மீ. இருக்கும். பள்ளி திறந்த மாதத்திலேயே இந்தப் பாடத்தை நடத்தி, பழைய விதியை நம்பினால் வடக்கும் தெற்கும் இடம் மாறிவிடும்.

எந்த மாதத்திலும் ஏமாற்றாத வழி, சம நிழல் வழி. திடலில் சமதரையில் ஒரு மீட்டர் குச்சியை நடுங்கள். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று இரண்டு பக்கமிருந்து பாருங்கள். காலை 11 மணிக்கு நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல் வையுங்கள். குச்சியின் அடியில் கயிற்றைக் கட்டி, அந்த நிழலின் நீளத்தையே ஆரமாக வைத்துத் தரையில் ஒரு வட்டம் கீறுங்கள். உச்சி வரை நிழல் குறுகி வட்டத்துக்குள் போகும். பிறகு நீண்டு மறுபக்கம் வட்டத்தைத் தொடும். தொடும் இடத்தில் இரண்டாவது கல். முதல் கல்லிலிருந்து இரண்டாவது கல்லுக்கு இழுக்கும் கோடு மேற்கிலிருந்து கிழக்கு. அதற்குச் செங்குத்தாகப் போடும் கோடு வடக்கு தெற்கு.

மதுரையில் ஜூன் மாதத்தில் உச்சிப் பொழுது 12 மணிக்கு வருவதில்லை, 12.20 வாக்கில்தான் வரும். நம் கடிகாரம் நமக்குக் கிழக்கே இருக்கும் 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. ஆகவே 11 மணிக்குக் கல் வைத்தால் மறுகல் 1.40 வாக்கில் விழும். 1.25 முதலே இரண்டு பேரைக் காவலுக்கு உட்கார வைத்துவிடுங்கள். ஒருமுறை நான் சாப்பாட்டு மணி முடிந்து நிதானமாகப் போய்ப் பார்த்தேன். நிழல் வட்டத்தைத் தாண்டி ஒரு சாண் போய்விட்டிருந்தது. மறுநாள் மேகம். அந்த வாரமே போனது.

திடலில் கிடைத்த கோட்டுக்கு இணையாகத் தாழ்வாரத்தில் கயிறு பிடித்து, வகுப்பறைத் தரையின் நடுவில் சாக்பீஸால் நீளமான அம்பு போடுங்கள். நுனியில் 'வ' என்று எழுதுங்கள். அந்த அம்பு மூன்றாம் பாடவேளை முடியும்வரை அழியக் கூடாது. சுவர் இந்தக் கோட்டுக்குச் சற்றே சாய்ந்திருந்தால், பத்துப் பாகைக்குள் என்றால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் என்றால் தாளில் அறையை நேராகவே வரைந்து, அம்பை மட்டும் சாய்த்துப் போடச் சொல்லுங்கள். அறையைத் திருகி வரைய வைத்தால் அளப்பது நரகமாகிவிடும்.

இப்போது நேற்றைய தாள்களைத் திருப்பிக் கொடுங்கள். எல்லாரும் தரையில் உட்கார்ந்து, தாளில் இருக்கும் கரும்பலகை உண்மையான கரும்பலகையைப் பார்க்குமாறு தாளைத் தரையில் வைக்க வேண்டும். பிறகு தரை அம்பைப் பார்த்து, தாளிலும் அதே பக்கம் அம்பு போட வேண்டும். அம்பு தாளின் கீழ்ப்புறம் நோக்கிப் போகும். "டீச்சர், வடக்கு கீழே போகிறதே, தப்பாகிவிட்டதா?" என்ற குரல் வரும்வரை காத்திருங்கள். இந்தப் பாடவேளையே அந்தக் கேள்விக்காகத்தான். தப்பில்லை என்று சொல்லுங்கள்; வடக்கு தாளில் எங்கேயும் இருக்கலாம், அம்பு அதைச் சொன்னால் போதும், மேல்புறம் வைப்பது ஒரு வழக்கம். மேலமாசி வீதியின் 'மேல'வையும் இங்கேயே பேசிவிடுங்கள்.

மீதி நேரத்துக்குப் பத்திர எழுத்தர்கள் நடையில் ஒரு பயிற்சி: அறைக்குச் செக்குபந்தி எழுதுதல். மனைப் பத்திரத்தில் 'தாழ்வாரத்துக்கு மேற்கு' என்று எழுதினால், தாழ்வாரம் நமக்குக் கிழக்கே இருக்கிறது என்று பொருள். "ஏழாம் வகுப்பு அறைக்குத் தெற்கு, தாழ்வாரத்துக்கு மேற்கு, தலைமை ஆசிரியர் அறைக்கு வடக்கு, திடலுக்குக் கிழக்கு: இதற்கு உட்பட்டது எங்கள் வகுப்பு." எதிலிருந்து எதைப் பார்க்கிறோம் என்பதை இதைவிடச் சுருக்கமாகப் பழக்கும் பயிற்சி எனக்குத் தெரியாது. வீட்டுக்கும் இப்படி ஒன்று எழுதிவரச் சொல்லலாம்.

மூன்றாம் பாடவேளை: அளத்தலும் சுருக்குதலும்

அளவையை நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகளே தேட வேண்டும். ஒரு செ.மீ. கட்டம் போட்ட தாளைக் கொடுத்து, 7.30 மீட்டர் அறையை இதில் எப்படி அடக்குவது என்று கேளுங்கள். 1 செ.மீ.க்கு 1 மீட்டர் என்றால், அதாவது 1:100 என்றால், அறை 7.3 செ.மீ. ஆகும், தாளின் மூலையில் ஒடுங்கிவிடும், 40 செ.மீ. அகலப் பெஞ்சு 4 மில்லிமீட்டர்க் கீற்றாகும். 1:25 என்றால் 29.2 செ.மீ. நீளமும் 23.4 செ.மீ. அகலமும் வேண்டும்; ஏ4 தாளின் அகலமே 21 செ.மீ. தான். 1:50 என்றால் 14.6 செ.மீ.க்கு 11.7 செ.மீ.; நன்றாக அடங்கும். ஒரு கட்டம் அரை மீட்டர். மீட்டரை இரண்டால் பெருக்கினால் செ.மீ. கிடைத்துவிடும். ஆறாம் வகுப்புக்கு இதைவிடச் சுகமான அளவை இல்லை.

வகுப்பை ஆறு குழுவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு டேப் கொடுங்கள். டேப் குறைந்தால், மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட சணல் கயிறும் ஸ்கேலும் போதும். கயிறு ஈரமானால் நீளம் மாறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். முதலில் நான்கு சுவர், பிறகு மூலைக்கு மூலை குறுக்காக ஒரு அளவு. இந்தக் குறுக்களவைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் வேலை சரியா என்று சொல்வது அதுதான். நம் அறையில் அது 9.35 மீட்டர். தாளில் அறையை வரைந்ததும் மூலைக்கு மூலை ஸ்கேல் வைத்தால் 18.7 செ.மீ. வர வேண்டும். 19.2 வந்தால் எங்கோ பிழை. பெரும்பாலும் டேப் தொய்ந்திருக்கும், அல்லது ஸ்கேலை 0 கோட்டில் வைக்காமல் விளிம்பிலிருந்தோ 1இலிருந்தோ அளந்திருப்பார்கள்.

அடுத்து, உள்ளே இருக்கும் பொருட்கள். பொருளின் நீள அகலத்தை அளந்துவிட்டு, அதைக் கண் மதிப்பில் தாளில் வைத்துவிடுவது பிள்ளைகளின் வழக்கம். ஒரு பொருளின் இடத்தை நிலைநிறுத்த இரண்டு சுவரிலிருந்து இரண்டு தூரம் வேண்டும். ஆசிரியர் மேசையை எடுத்துக்கொள்வோம். அது 1.20 மீட்டருக்கு 0.60 மீட்டர், தாளில் 2.4 செ.மீ.க்கு 1.2 செ.மீ. அதன் தென்கிழக்கு மூலை தெற்குச் சுவரிலிருந்து 1.20 மீட்டர், கிழக்குச் சுவரிலிருந்து 2.00 மீட்டர். தாளில் 2.4 செ.மீ., 4 செ.மீ. அந்தப் புள்ளியைக் குறித்த பிறகு, அதிலிருந்து மேற்கே நீளத்தையும் வடக்கே அகலத்தையும் வரைந்தால் மேசை தன் இடத்தில் உட்கார்ந்துவிடும். கதவுக்கும் இப்படியே: தென்கிழக்கு மூலையிலிருந்து 60 செ.மீ. தள்ளித் தொடங்கி 1.05 மீட்டர் அகலம்.

எல்லாப் பெஞ்சையும் அளக்க 40 நிமிடம் போதாது. மேசை, கதவு, பீரோ, ஒரு பெஞ்சு வரிசை என்று நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தமுறை எல்லாரும் வடக்கைத் தாளின் மேல்புறம் வைத்தே வரைய வேண்டும். தலைப்பு, வடக்கு அம்பு, குறிப்புப் பெட்டி ஆகியவற்றோடு, அளவையை இரண்டு விதமாகப் போடச் சொல்லுங்கள்: '1:50' என்று எழுத்தில் ஒன்று, 4 செ.மீ. கோடு இழுத்து 0, 1, 2 மீட்டர் என்று குறித்து இன்னொன்று.

கோடு எதற்கு என்று கேட்பார்கள். ஒரு தாளை ஜெராக்ஸ் கடையில் 70 சதவீதமாகச் சுருக்கி எடுத்து வந்து கையில் கொடுங்கள். அதில் அறையின் நீளம் 10.2 செ.மீ. இருக்கும். '1:50' என்ற எழுத்தை நம்பிக் கணக்கிட்டால் அறை 5.10 மீட்டர் ஆகிவிடும். கோடு மட்டும் பொய் சொல்லாது. அதுவும் 2.8 செ.மீ. ஆகச் சுருங்கியிருக்கும், ஆனால் அந்த 2.8 செ.மீ. இப்போதும் 2 மீட்டரைத்தான் காட்டும். பாடநூலில் அச்சாகும் வரைபடங்களுக்குக் கீழே கோட்டு அளவை இருப்பதன் காரணம் இந்த ஒரு தாளில் விளங்கிவிடும்.

நான்காம் பாடவேளை: சாக்பீஸ் தேடல்

மணி அடிப்பதற்கு முன், அறையின் நடுப்புள்ளியிலிருந்து கிழக்கே 1 மீட்டர், அங்கிருந்து வடக்கே 2 மீட்டர் தள்ளித் தரையில் ஒரு சிறு சாக்பீஸ் வட்டம் போட்டு, பாயால் மூடிவிடுங்கள். அதே போன்ற மூன்று பாய்களை வேறு மூன்று இடங்களில் விரியுங்கள்: கிழக்கே 1 தெற்கே 2, மேற்கே 1 வடக்கே 2, மேற்கே 1 தெற்கே 2. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிக்கொள்ளலாம். தரை அம்பை இப்போது அழித்துவிடுங்கள்.

ஒவ்வொரு குழுவின் வரைபடத்திலும் வட்டத்தின் இடத்தைச் சிவப்புப் புள்ளியாகக் குறித்துக் கொடுங்கள்: நடுவிலிருந்து வலப்புறம் 2 செ.மீ., மேல்புறம் 4 செ.மீ. குழுவுக்கு ஒருவர், கரும்பலகையைப் பார்த்து அறையின் நடுவில் நின்று தொடங்க வேண்டும். டேப்பால் அளந்து போய் நின்று, "இந்தப் பாய்" என்று சொல்ல வேண்டும். மற்றக் குழுக்கள் அதுவரை தாழ்வாரத்தில் இருக்கட்டும்.

மதிப்பெண் போடுவதைவிட, யார் எங்கே போய் நிற்கிறார்கள் என்று பாருங்கள். நிற்கும் இடமே பிழையின் பெயரைச் சொல்லிவிடும். தென்மேற்குப் பாயில் நிற்பவர் தாளைத் திருப்பவில்லை: தெற்கு பார்த்து நின்றுகொண்டு, தாளின் மேல்புறத்தை 'முன்னால்' என்றும் வலப்புறத்தைத் தன் வலக்கை என்றும் படித்துவிட்டார். இதுதான் மிக அதிகம். கரும்பலகை வடக்கே இருக்கும் அறையில் இந்தப் பிழை செய்பவரும் சரியான பாயில்தான் போய் நிற்பார். நமக்குத் தெரியவே தெரியாது. தென்கிழக்குப் பாயில் நிற்பவர் கதவை வைத்துக் கிழக்கைப் பிடித்துக்கொண்டார், ஆனால் கரும்பலகைதான் வடக்கு என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. வடமேற்குப் பாயில் நிற்பவருக்கு வடக்கு தெரியும். திரும்பி நின்றதும் இடமும் வலமும் குழம்பிவிட்டது. வடக்குச் சுவரில் முட்டிக்கொண்டு, "இடம் போதவில்லை" என்பவர் செ.மீ.யை மீட்டர் என்று படித்தவர். 4 மீட்டர் போகப் பார்க்கிறார். நடுவிலிருந்து சுவர் வரை இருப்பதோ 3.65 மீட்டர்தான்.

முதல் மூன்று பிழைக்கும் மருந்து ஒன்றே. தாளைக் கையில் தூக்கிப் பிடிக்க விடாமல், தரையில் வைத்து, தாளின் கதவு அறையின் கதவைப் பார்க்கும்வரை தாளைச் சுழற்றச் சொல்லுங்கள். பிறகு தாளைச் சுழற்றாமல், தான் மட்டும் அதைச் சுற்றி நடந்து எங்கிருந்து வேண்டுமானாலும் படிக்கச் சொல்லுங்கள். நான்காவது பிழைக்குக் கோட்டு அளவைதான் மருந்து: ஒரு காகித நாடாவில் அந்த 4 செ.மீ. கோட்டைப் படியெடுத்து, தாளின் மேல் நகர்த்தி நகர்த்தி மீட்டர் எண்ணட்டும், கணக்கே வேண்டாம்.

துல்லியத்தில் கண்டிப்பு வேண்டாம். 1:50 தாளில் அரை மில்லிமீட்டர்ப் பென்சில் கோடே தரையில் 2.5 செ.மீ.; 2 மி.மீ. தவறு 10 செ.மீ. ஆகிறது. வட்டத்துக்கு 20 செ.மீ.க்குள் நின்றவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.

கண்டுபிடித்த குழுக்களுக்கு ஒரு கேள்வி மிச்சம் வையுங்கள்: நடுவிலிருந்து வட்டத்துக்கு நேராகப் போனால் எவ்வளவு தூரம்? ஸ்கேல் வைத்தால் 4.5 செ.மீ. வரும், தரையில் 2.25 மீட்டர் போல. டேப் பிடித்தால் ஏறக்குறைய 2.24. நடந்து வந்ததோ 3 மீட்டர். சாலை வழித் தூரமும் நேர்க்கோட்டுத் தூரமும் ஏன் வேறுபடுகின்றன என்பதை மதுரை, தேனி வரைபடத்தில் காட்டுவதற்கு முன் இங்கே காட்டிவிடலாம்.

நேரம் இருந்தால் இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாளை விரியுங்கள். அதில் 2 செ.மீ. ஒரு கிலோமீட்டர். நாம் இவ்வளவு பாடுபட்டு அளந்த 7.30 மீட்டர் அறை அதில் எவ்வளவு இருக்கும் என்று கேளுங்கள். 0.146 மி.மீ.; கூர் சீவிய பென்சிலின் புள்ளியைவிடச் சிறிது. 50,000 என்பது பெரிய எண்ணாயிற்றே, அப்படியானால் பெரிய படம்தானே என்று நினைத்திருந்தவர்கள் இந்த இடத்தில் தாங்களே திருத்திக்கொள்வார்கள். அடுத்த வாரம் திடலை வரையலாம். 60 மீட்டர் நீளத் திடலுக்கு 1:50 என்றால் 120 செ.மீ. தாள் வேண்டும். எந்த அளவை சரிப்படும் என்று இந்தமுறை அவர்களே சொல்லட்டும்.